190 ரூபாய் திரும்பி வந்தது என்று சந்தோஷப்பட்டேன்

மளிகை ஆப்பில் ஆர்டர் போடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் 1,342 ரூபாய்க்கு மாதச் சாமான் ஆர்டர் போட்டுவிட்டு, அம்மாவோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். பொருள் இல்லையென்றால் என்ன செய்வது என்று ஆப்பில் ஒரு கேள்வி வரும். 'போன் செய்து கேட்கவும்' என்று கொடுத்திருந்தேன். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். வெளியே பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு, தரிசனம் முடித்து வந்து எடுத்தால் இரண்டு மிஸ்டு கால். கூடவே ஒரு செய்தி: 'இரண்டு பொருள்கள் மாற்றப்பட்டன. உங்களுக்கு ரூ.190 திருப்பித் தரப்பட்டது.'

பரவாயில்லையே, குறைந்த விலையில் ஏதோ கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை இட்லிப் பொடி குழைக்க அம்மா புது எண்ணெயைத் திறந்தார். "என்னடி இது, கற்பூர வாசம் அடிக்குது?" வாங்கிப் பார்த்தேன். நான் கேட்டது 390 ரூபாய் நல்லெண்ணெய் ஒரு லிட்டர். வந்தது 215 ரூபாய் தீப எண்ணெய் ஒரு லிட்டர். அதே மஞ்சள் பாட்டில், முன்னால் குத்துவிளக்குப் படம், பின்னால் பொடி எழுத்தில் 'உண்பதற்கு அல்ல'. கடையில் சாமான் எடுத்து வைக்கிற பையன், பொருளின் பெயரில் 'எண்ணெய்' இருப்பதையும் அளவையும் மட்டும் பார்த்திருப்பான் போல. அம்மாவுக்கு மூக்கு நல்லபடியாக இருந்ததால் தப்பித்தோம்.

அதற்கப்புறம்தான் மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். துவரம் பருப்பு ஒரு கிலோ 160 ரூபாய்க்குப் போட்டிருந்தேன். பதிலுக்கு வந்தது ஆர்கானிக் பருப்பு, 145 ரூபாய். பில்லில் '15 ரூபாய் குறைவு' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. பாக்கெட்டைத் திருப்பினால் 500 கிராம்! கிலோ 290 ரூபாய் ஆகிறது. நான் தேர்ந்தெடுத்த பருப்பு அரை கிலோ 80 ரூபாய்தான். அப்படியானால் எனக்கு 15 ரூபாய் லாபம் இல்லை, 65 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். மொத்தத் தொகை குறைந்திருப்பதைப் பார்த்து ஏமாந்தேன். அளவைக் குறைத்துவிட்டால் பில்லும் தானாகக் குறையும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மாற்றுப் பொருள் வந்தால் விலையைப் பார்க்காதீர்கள், கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று பாருங்கள். பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கு இத்தனை என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

அந்த 190 ரூபாயும் என் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. ஆப்பின் வாலட்டில் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி அவர்களிடமே வாங்கினால்தான் உபயோகம்.

சாட்டில் கேட்டேன். "நீங்கள் ஒத்த பொருளுக்குச் சம்மதித்திருக்கிறீர்கள் மேடம்" என்றார்கள். எங்கே என்று தேடினேன். 'போன் செய்து கேட்கவும்' என்பதற்குக் கீழே, 'போனை எடுக்காவிட்டால் ஒத்த பொருள் அனுப்பலாம்' என்று ஒரு கட்டம். அதில் டிக் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. நான் தொட்டதே இல்லை. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத்தான் கூடாது என்கின்றன: வாங்குவதற்கான சம்மதத்தை வாடிக்கையாளர் தானே தெளிவாகக் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே டிக் போட்ட கட்டத்தை வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொன்னதும் எண்ணெய்க்கு 215 ரூபாயை வங்கிக்கே அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பியும் விட்டார்கள். பருப்புக்கு மட்டும் "பாக்கெட்டை வாங்கிக்கொண்டீர்களே" என்று பிடிவாதம்.

இன்னொரு கூத்து. ஆப்பில் பழைய ஆர்டரைத் திறந்தால் நான் கேட்ட பொருள்கள் இல்லை, வந்த பொருள்கள்தான் இருக்கின்றன. நல்லவேளை, ஆர்டர் போட்டதும் வந்த மின்னஞ்சலில் முதல் பட்டியல் அப்படியே இருந்தது. அதையும் இரண்டு பாக்கெட்டுகளின் படங்களையும் சேர்த்து, ஆப்பில் போட்டிருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கிடைத்தது என்று பதில் வந்துவிட்டது. தீர்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

65 ரூபாய்க்கா இத்தனை பாடு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்போது ஒவ்வொரு பொருளிலும் போய் 'மாற்று வேண்டாம், பணம் திருப்பவும்' என்று மாற்றிவிட்டேன். எண்ணெய் மட்டும் தெருமுனை அண்ணாச்சி கடையில். அங்கே இல்லையென்றால் "இல்லம்மா, நாளைக்கு வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.