அனிச்சை வில் படம்: விரலிலிருந்து தொடங்கலாமா, தசையிலிருந்தா, இல்லை நடுவிலிருந்தா?

பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இந்த ஆண்டு நீட் எழுதப் போகிறாள். போன வாரம் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்து, "அக்கா, இதுல எந்தக் கோடு உள்ளே போகுது, எந்தக் கோடு வெளியே வருதுன்னே தெரியலை" என்றாள். சூடான தோசைக்கல்லைத் தொட்ட விரல், தண்டுவடத்தின் குறுக்குவெட்டு, மேற்கையின் முன்பக்கத் தசை, இவற்றை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான் படம். சூடு பட்டதும் யோசிக்காமலேயே கை விலகுகிறதே, அதற்கு நரம்புச் செய்தி போய்வரும் பாதைதான் அனிச்சை வில். ஜெராக்ஸில் அம்புக்குறிகள் அழிந்துபோயிருந்தன. போதாததற்குத் தண்டுவடம் தலைகீழாகவும் அச்சாகியிருந்தது. அந்த ஒரே படத்தை மூன்று விதமாகத் தடம் பிடித்துப் பார்த்தோம். எந்த வழி எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெளிவாகப் புரிந்தது.

எல்லோரும் முதலில் செய்வது விரலிலிருந்து புறப்படுவது. நிகழ்ச்சி நடக்கும் வரிசையும் அதுதான் என்பதால் பதில் எழுத வசதியாக இருக்கும். தோலில் உள்ள உணர்வேற்பி சூட்டை உணர்கிறது, உணர்ச்சி நியூரான் செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது. இதுவரைக்கும் சிக்கலே இல்லை. சாம்பல் நிறப் பகுதிக்குள் நுழைந்ததும் பாதை பிரிகிறது. ஒரு கிளை, உணர்ச்சி நியூரானைத் தசையை இயக்கும் இயக்க நியூரானோடு இணைக்கும் இடைநியூரானுக்கு, இன்னொரு கிளை மேலே மூளைப் பக்கம். அவள் மூளைக் கிளையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள், அதனால் மூன்றாவது படியாக மூளை என்று எழுதியிருந்தாள். மூளைக்குச் செய்தி போவது உண்மைதான், சுட்ட வலி தெரிவதும் அதனால்தான். ஆனால் கையை இழுக்கும் உத்தரவு அந்தச் செய்திக்காகக் காத்திருப்பதில்லை, தண்டுவடத்திலேயே திரும்பிவிடுகிறது. முன்னோக்கிப் போகிறவருக்குப் பிரிவு வரும்போதெல்லாம் இந்தத் தடுமாற்றம் இருக்கும், ஏனென்றால் எந்தக் கிளை தசையில் போய் முடியும் என்பது கடைசிவரை போனால்தான் தெரியும்.

சரி, தசையிலிருந்து பின்னோக்கி வந்தால்? இதில் ஒரு நல்ல பலன் உண்டு. முடிவு எங்கே என்பதை முதலிலேயே குறித்துவிடுகிறோம். சுட்டது விரல் என்பதால் பலர் பாதையை விரலிலேயே கொண்டுபோய் முடிக்கிறார்கள், இந்தப் படத்தில் கையை இழுப்பதோ மேற்கைத் தசை. அந்தத் தசையில் வந்து முடியும் கோட்டைப் பிடித்துத் திரும்பினால் வழியில் எங்கும் குழப்பமில்லாமல் இயக்க நியூரானின் செல் உடலுக்குப் போய்ச் சேரலாம், அது சாம்பல் பகுதியின் வயிற்றுப்புறக் கொம்பில் இருக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு இயக்க நியூரான்மீது பல கோடுகள் வந்து இணைகின்றன. இடைநியூரானிலிருந்து ஒன்று, மூளையிலிருந்து இறங்கி வருவது ஒன்று, விரிவான படமென்றால் இன்னும் சில. முன்னால் போனால் பாதை பிரிகிறது, பின்னால் வந்தால் பாதைகள் கூடுகின்றன. இரண்டு வழியும் மாட்டிக்கொள்ளும் இடம் என்னவோ அதே சாம்பல் பகுதிதான்.

மூன்றாவது வழி, எந்த முனையையும் தொடாமல் முதலில் முடிச்சைத் தேடுவது. தண்டுவடத்துக்கு வெளியே, அதை ஒட்டி, நரம்பு இரண்டு வேராகப் பிரியும். ஒரு வேரில் மட்டும் ஒரு புடைப்பு இருக்கும், அதுதான் முதுகுப்புற வேர் முடிச்சு. உணர்ச்சி நியூரான்களின் செல் உடல்கள் அதற்குள்தான் இருக்கின்றன. ஆக, புடைப்பு உள்ள வேர் உள்ளே வரும் வழி, புடைப்பு இல்லாத வேர் வெளியே போகும் வழி. முதுகுப்புற வேர் உணர்ச்சிக்கு, வயிற்றுப்புற வேர் இயக்கத்துக்கு என்று பிரான்சில் மஜாண்டி என்ற உடலியலாளர் 1822-இல் நாய்க்குட்டிகளில் வேர்களைத் தனித்தனியாக வெட்டிக் காட்டினார். படம் தலைகீழாக இருந்தாலும், இடம் வலம் மாறியிருந்தாலும் இந்த அடையாளம் மாறாது, மேலே கீழே என்று மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் மாறிப்போகும்.

ஜெராக்ஸில் புடைப்பே மங்கிப்போயிருந்தால் செல் உடலின் உருவத்தைப் பாருங்கள். உணர்ச்சி நியூரானின் செல் உடல் கோட்டின் நடுவில், ஒரு காம்பில் தொங்கும் காய் மாதிரி பக்கவாட்டில் இருக்கும். இயக்க நியூரானுக்கோ செல் உடல் கோட்டின் ஆரம்பத்தில், சுற்றிலும் கிளைகளோடு இருக்கும். அதுவும் இல்லையென்றால் சாம்பல் பகுதியின் கொம்புகள். ஒல்லியாக நீண்டு கிட்டத்தட்ட விளிம்பைத் தொடுவது முதுகுப்புறம், அகலமாக விளிம்புக்கு முன்பே நின்றுவிடுவது வயிற்றுப்புறம். தன் படம் தலைகீழ் என்பதை அவள் கண்டுபிடித்தது இந்தக் கொம்புகளை வைத்துத்தான்.

அப்புறம் முழங்கால் அனிச்சைப் படத்தை எடுத்தோம். மூன்று வழிகளுக்கும் சரியான சோதனை அதுதான் என்று எனக்குத் தோன்றியது. சுத்தியல் தட்டுவது முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணில், ஆனால் உணர்வேற்பி அங்கே இல்லை. தசைநாண் இழுபடும்போது தொடையின் முன்பக்கத் தசையும் நீள்கிறது, அந்த நீட்சியை உணரும் தசைக்கதிர் என்ற உணர்வேற்பி தசைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் தட்டிய இடத்துத் தோலிலிருந்து புறப்படுகிறவர்கள் முதல் அடியிலேயே தவறுகிறார்கள். பின்னோக்கி வருகிறவருக்கு வேறு தொல்லை, அதே தசையிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்புகின்றன. ஒன்று தசைக்கதிரைச் சுருள்போலச் சுற்றியிருக்கும், இன்னொன்று தசை நார்களில் விரிந்து முடியும். தவறான கோட்டைப் பிடித்தாலும் பரவாயில்லை, போகிற வழியில் முடிச்சு வந்துவிட்டால் அது உணர்ச்சிக் கோடு என்று தெரிந்துவிடும்.

இந்தப் படத்தில் இன்னொரு பொறியும் உண்டு. தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் பாதையில் இடைநியூரான் கிடையாது, உணர்ச்சி நியூரான் நேராக இயக்க நியூரானோடு இணைகிறது. தண்டுவடத்துக்குள் அந்தப் பாதையில், இரண்டு நியூரான்கள் இணையும் இடமான சினாப்ஸ் ஒரே ஒன்றுதான். படத்தில் இடைநியூரான் ஒன்று வரைந்திருப்பார்களே என்றால், ஆமாம், அது பின்தொடைத் தசைக்கான இயக்க நியூரானை அடக்கி அந்தத் தசையைத் தளர்த்துவதற்கு. தோசைக்கல் படத்தின் பழக்கத்தில் அதையும் முக்கியப் பாதையில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். எந்தத் தசையைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சினாப்ஸை எண்ணுங்கள். தண்டுவடத்துக்குள் ஒன்று வந்தால் முன்தொடை, இரண்டு வந்தால் பின்தொடை.

ஆகவே என் தேர்வு மூன்றாவது வழிதான். முடிச்சைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகப் போய் உணர்வேற்பியைப் பிடித்து, பிறகு தசையிலிருந்து பின்னோக்கி இயக்க நியூரான்வரை வந்து, நடுவில் மிச்சமிருக்கும் சின்ன இடைவெளியை மட்டும் கடைசியில் நிரப்ப வேண்டும். எழுதும்போது மட்டும் முன்னோக்கி எழுதினால் போதும். அவள் அப்படித்தான் எழுதினாள்: தோல் உணர்வேற்பி, உணர்ச்சி நியூரான், இடைநியூரான், இயக்க நியூரான், மேற்கைத் தசை.

இந்த வழி செல்லாத இடமும் உண்டு. கண்ணின் கருவிழியில் தூசி பட்டதும் இமை மூடும் படத்தில் தண்டுவட வேர்களே வராது. செய்தி ஐந்தாம் மூளை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய், ஏழாம் மூளை நரம்பு வழியாக இமையை மூடும் தசைக்குத் திரும்புகிறது. அந்தப் படத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் வேறு வேறு நரம்புகள் என்பதால் முன்னோக்கிப் போகும் முதல் வழியே சுலபம்.