“பார்க்கிறேன்” என்பதா, “முடியாது” என்பதா? கூடுதல் வேலையை மறுக்கும் நான்கு பதில்கள்

திங்கட்கிழமை காலை ஒரு மெயில் வருகிறது. அனுப்பியவர் பக்கத்துப் பிரிவின் தலைவர். வாடிக்கையாளர் கருத்துகளைத் தொகுத்து அலசும் ப்ராஜெக்ட் ஒன்று, ஆறு வாரம் ஓடும், வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தந்தால் போதும் என்கிறார். “உங்களை விட்டால் இதற்கு ஆள் இல்லை” என்று கடைசியில் ஒரு வரி. நல்ல மனிதர், போன வருடம் ஒரு நெருக்கடியில் உங்களுக்குக் கைகொடுத்தவர்.

உங்கள் கணக்கு இது: வாரத்துக்கு 40 மணி நேரம். காலாண்டு அறிக்கைக்கு 26, அன்றாடம் கவனிக்க வேண்டிய வேலைக்கு 6, மீட்டிங்குக்கும் மெயிலுக்கும் 6. மிச்சம் 2 மணி நேரம். அறிக்கை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கேட்டது ஐந்து, கையில் இருப்பது இரண்டு. மறுத்துத்தான் ஆக வேண்டும். எப்படி மறுப்பது?

நான்கு பதில்களை எடுத்து ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: இந்தப் பதிலைப் படித்தவர் மறுநாள் காலை என்ன செய்ய முடியும்?

முதல் பதில், “சரி, பார்க்கிறேன்.” நம்மில் பெரும்பாலோர் சொல்வது இதுதான். சொல்லும் அந்த நிமிடத்துக்கு இதமாக இருக்கிறது, யார் முகமும் வாடுவதில்லை. ஆனால் கேட்டவர் உங்கள் பெயரைப் பட்டியலில் எழுதிவிடுகிறார். வேறு ஆள் தேடுவதை நிறுத்திவிடுகிறார். மூன்றாவது வாரம் “எங்கே நிற்கிறது?” என்று கேட்கும்போது நீங்கள் முடியாது என்கிறீர்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் அவருக்கு ஆறு வாரம் இருந்திருக்கும், இப்போது மூன்றுதான். மனம் கசப்பது மறுத்ததற்காக இல்லை, காத்திருக்க வைத்ததற்காக. இந்தப் பதில்தான் உறவை அதிகம் கெடுக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டாவது, “மன்னிக்கணும், நேரமே இல்லை.” இது முதலாவதைவிட மேல், குறைந்தபட்சம் பதில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே. அதனால் “நேரமில்லை” என்பது “உங்களுக்கு ஒதுக்க மனமில்லை” என்று காதில் விழுகிறது. கிராண்ட் டொனெல்லியும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: அழைப்பை மறுக்கும்போது பணமில்லை என்பவரைவிட நேரமில்லை என்பவர்மீது நம்பிக்கை குறைகிறது, ஏனென்றால் நேரம் அவரவர் கையில் இருப்பதாகவே மற்றவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது நண்பர்களுக்குள் வரும் அழைப்புகளை. ஆபீஸில் யாரும் பணமில்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் “நேரமில்லை” என்று மொட்டையாகச் சொல்வது ஏன் உறுத்துகிறது என்பதை அது விளக்குகிறது. அந்த நேரம் எங்கே போகிறது என்று சொல்லிவிட்டால் பாதி உறுத்தல் போய்விடும்.

மூன்றாவது பதில் அதைத்தான் செய்கிறது:

“வணக்கம். என்னை நினைத்துக் கேட்டதற்கு நன்றி. இந்த ப்ராஜெக்டில் என்னால் சேர முடியாது. காலாண்டு அறிக்கை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்னிடம் மிச்சமில்லை. போன முறை கருத்துகளை வகைப்படுத்த நான் போட்ட அட்டவணையை இன்று மாலைக்குள் அனுப்புகிறேன். யார் எடுத்துச் செய்தாலும், தொடங்கும் நாளில் ஒரு அரை மணி நேரம் அவரோடு உட்காருகிறேன்.”

“முடியாது” என்ற சொல் மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. “கொஞ்சம் கஷ்டம்தான்”, “இப்போதைக்குத் தெரியவில்லை” என்ற மழுப்பல் இல்லை. காரணம் ஒன்றே ஒன்று, சரிபார்க்கக் கூடியது. மூன்று காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றையும் தீர்த்துவைக்க அவர் முயல்வார், பேரம் ஆரம்பமாகிவிடும். தருவதாகச் சொன்ன உதவிக்கும் எல்லை இருக்கிறது: ஒரு அட்டவணை, ஒரு அரை மணி நேரம். படித்தவர் அன்றே வேறு ஆளைத் தேடலாம், அந்த ஆளுக்குக் கையில் கொடுக்க ஒன்று இருக்கிறது.

இதிலும் கவனமாக இருக்க வேண்டிய இடம் அந்த உதவிதான். எல்லை போடாமல் “தேவைப்பட்டால் கூப்பிடுங்க” என்று எழுதினால், பின்வாசல் வழியாக அதே ஐந்து மணி நேரம் உள்ளே வந்துவிடும். “ஒரு சின்ன விஷயம்” என்று இரண்டாவது மெயில் வரும்போதே தெரிந்துகொள்ளலாம். அப்போது, “நான் சொன்ன அரை மணி நேரத்தில் இதையும் சேர்த்துப் பேசிவிடலாம்” என்று அங்கேயே கட்டிவிட வேண்டும். தர ஒன்றும் இல்லையென்றால் முதல் மூன்று வாக்கியமும் காரணமும் போதும். வராத உதவியைவிட வெறும் மறுப்பு மரியாதையானது.

நான்காவது பதில் நேராக மறுப்பதே இல்லை: “இதை எடுத்தால் அறிக்கை ஒரு வாரம் தள்ளும். எதை முதலில் முடிக்கட்டும்?” கேட்பவர் உங்கள் சொந்த மேலாளர் என்றால் இதுதான் சரி, மூன்றாவதைவிடவும் சரி. இரண்டு வேலையும் அவருடையது, எது முந்த வேண்டும் என்பதும் அவர் முடிவு. ஆனால் நம் கதையில் கேட்டவர் பக்கத்துப் பிரிவு. அவரிடம் இந்தக் கேள்வியை வைத்தால், அறிக்கை அவருடையது இல்லையே, தன் வேலைதான் முதலில் என்றுதான் சொல்வார். “என் மேலாளரிடம் கேளுங்க” என்று தள்ளிவிடுவதும் நல்லதில்லை. மேலாளர் சரி என்றால் மாட்டிக்கொள்வது நீங்கள், இல்லை என்றால் அவர் கெட்டவராகிறார். நீங்களே மறுத்துவிட்டு மேலாளருக்கு ஒரு வரி தகவல் சொன்னால் போதும்.

மீட்டிங் அழைப்பு இதன் சின்ன வடிவம், சுருக்கமாகவே சொல்லலாம். கேலண்டரில் Tentative என்பது “பார்க்கிறேன்” என்பதேதான்: உங்களுக்காகக் காத்திருப்பதா வேண்டாமா என்று அழைத்தவருக்குத் தெரியாது. எந்தத் தேதிக்குள் உறுதி சொல்வீர்கள் என்று எழுதினால் மட்டுமே அதை அழுத்தலாம். Propose New Time, வர நினைப்பவர்களுக்கானது. மறுக்க வெட்கப்பட்டு அதை அழுத்தினால் அதே மீட்டிங் வியாழக்கிழமை திரும்பி வரும்.

சரியானது Decline, ஆனால் குறிப்போடு. அவுட்லுக்கின் கிளாசிக் பதிப்பில் Decline பக்கத்திலேயே Do not send a response என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் மீட்டிங் உங்கள் கேலண்டரிலிருந்து போய்விடும், அழைத்தவருக்கோ மெயில் எதுவும் போகாது. அவர் அங்கே உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பதிலாக Edit the response before sending எடுத்து இரண்டு வரி எழுதலாம்: “நான் வரவில்லை. விலைப் பகுதிக்கு மட்டும்தான் என் கருத்து தேவை, அதைப் புதன் மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன். முடிவு எடுத்த பிறகு குறிப்பை மட்டும் எனக்கு அனுப்புங்க.”

அந்த “புதன் மாலை” சும்மா ஒரு வார்த்தையாக நின்றுவிடக் கூடாது. Decline அனுப்பிய கையோடு, மீட்டிங் இருந்த அதே கேலண்டரில் புதன்கிழமை 4 மணிக்கு அரை மணி நேரத்தை அதற்கென்று அடைத்துவிடுங்கள்.