ஒரே சுவர், மூன்று கணக்குகள்: 726, 620, 679

சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு பழைய தரைவீட்டின் பின்பக்கம் சாமான் அறை ஒன்றைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே, மேலே உத்திரம், கீழே கான்கிரீட் தளம். நீளம் 5.28 மீட்டர், உயரம் 2.65 மீட்டர். அரைக்கல் சுவர், அதாவது கல்லின் அகலம்தான் சுவரின் தடிமன், அதில் ஒரு கதவு. கல் எத்தனை வேண்டும் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று விடை சொன்னார்கள். வீட்டுக்காரப் பெரியவர் 726 என்றார். திருச்சியில் படித்துவிட்டு வந்த இளம் பொறியாளர் 620 என்றார். புதுக்கோட்டைக் கொத்தனார் அண்ணன் சுவர் வரும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, "679, உடைசல் தனி" என்றார்.

மூவருமே கைக்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு முறை இருக்கிறது.

முதலில் கல். கடையிலிருந்து வந்தது 215 × 102.5 × 65 மி.மீ. செங்கல். இணைப்புக்கு 10 மி.மீ. சாந்து. அப்படியானால் சுவரின் முகத்தில் ஒரு கல் பிடிக்கும் இடம் 225 × 75 மி.மீ. ஒரு சதுர மீட்டரை இதால் வகுத்தால் 59.26 கல் வரும். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் வாயில் புழங்கும் "சதுர மீட்டருக்கு அறுபது" இங்கிருந்துதான் பிறந்தது. சாந்தை மறந்துவிட்டு வெறும் கல்லின் முகத்தால் வகுத்தால் 71 அல்லது 72 வரும். ஐந்து பங்கு கல் தேவைப்படும் இடத்தில் ஆறு பங்கு வாங்கிக் குவிக்கும் தவறு அது.

பெரியவரின் பரப்புக் கணக்கு

அவர் செய்தது நேரடியானது. 5.28 × 2.65 என்பது ஏறத்தாழ 14 சதுர மீட்டர். கதவுப் பலகை 0.9 × 2.1, அதாவது 1.89. கழித்தால் 12.1. அறுபதால் பெருக்கினால் 726.

கொத்தனாரின் 679-ஐ விட இது 47 கல் அதிகம். அந்த 47 எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். சுவரில் விடும் திறப்பு கதவுப் பலகையின் அளவு அல்ல. பலகை 900 மி.மீ., இருபக்க நிலைக்கால்கள் 80, ஆப்பு வைத்து நேராக்க இருபுறமும் பத்துப் பத்து. ஆக அகலம் 1,000 மி.மீ. உயரத்துக்குப் பலகையும் மேல்நிலையும் இடைவெளியுமாக 2,125, அதோடு தளத்தின்மேல் பின்னால் வரப்போகும் பூச்சும் ஓடும் 50, மொத்தம் 2,175 மி.மீ. தரை ஓட்டை மறந்து திறப்பு விட்டுவிட்டு, பிறகு கதவின் அடியைச் சீவுகிறவர்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். திறப்பின் உண்மைப் பரப்பு 2.175 சதுர மீட்டர். இந்த வித்தியாசம் மட்டும் 17 கல்.

அடுத்து லிண்டல். திறப்புக்கு மேல் இருபுறமும் ஒரு முழுக்கல் அளவு ஏறி உட்காரும் கான்கிரீட் லிண்டல் 1,450 மி.மீ. நீளம், இரண்டு வரி உயரம். அந்த இடத்தில் கல் வராது, 13 கல் குறையும். உத்திரத்துக்கு அடியில் 25 மி.மீ. இடுக்கு மிஞ்சும். அதில் எந்தக் கல்லும் நுழையாது, சாந்து திணித்துத்தான் மூட வேண்டும். அது 8 கல். 59.26-ஐ 60 ஆக்கியதில் 9. எல்லாம் சேர்ந்தால் 47.

சுவாரசியம் என்னவென்றால், இந்தப் பிழைகள் எல்லாமே ஒரே பக்கம், கூடுதல் பக்கம், சாய்கின்றன. ஆகவே பெரியவரின் 726-ல் உடைசலுக்கான ஏழு சதவீதம் அவருக்கே தெரியாமல் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. அப்படியே வாங்கினால் வேலை முடிந்துவிடும். ஆனால் யாரும் அப்படியே வாங்குவதில்லை. "எதற்கும் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்" என்று 799 ஆக்குவார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கற்கள் மழையில் நனைந்தபடி வாசலில் கிடக்கும். இந்த ஊரில் அவற்றை அகற்றவும் லாரிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

பொறியாளரின் கன அளவுக் கணக்கு

தம்பியின் 620 வேறு வகை. தமிழ்நாட்டில் பாடத்தில் வரும் எண் அது: ஒரு கன மீட்டர் சுவருக்கு 500 கல். 12.1 சதுர மீட்டரை 0.1025 மீட்டர் தடிமனால் பெருக்கினால் 1.24 கன மீட்டர். 500 மடங்கு, 620.

அந்த 500 தவறான எண் அல்ல, ஆனால் அதற்குரிய கல் வேறு. இந்தியத் தர அளவுக் கல் 190 × 90 × 90 மி.மீ. சாந்தோடு 200 × 100 × 100. கன மீட்டருக்குக் கச்சிதமாக 500. சிராங்கூன் வீட்டு வாசலில் இறங்கிய கல் அதுவல்ல. இதைச் சொன்னதும் தம்பி உடனே திருத்தினார். உள்ளூர்க் கல்லுக்கு மூன்று பக்கமும் 10 மி.மீ. சேர்த்து 225 × 75 × 112.5 என்று எடுத்தார். கன மீட்டருக்கு 527 வந்தது. பெருக்கினால் 653.

இப்போதும் குறைவு. அதே 12.1 சதுர மீட்டருக்குப் பரப்பு முறையில் 717 வருகிறது. கல் ஒன்றுதான், சாந்தும் ஒன்றுதான், பிறகு ஏன் 64 கல் வித்தியாசம்? தம்பி கால்குலேட்டரை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். கால்குலேட்டர் மேல் தவறில்லை.

அரைக்கல் சுவரில் தடிமன் திசையில் சாந்து கிடையாது. ஒரு கல்லின் முன்முகமும் பின்முகமும் அப்படியே வெளியே தெரிகின்றன. சாந்து இருப்பது கல்லின் பக்கத்திலும் கீழேயும் மட்டுமே. மூன்று பக்கமும் சாந்தைக் கூட்டினால், இல்லாத ஒரு சாந்துப் படலத்துக்கு இடம் ஒதுக்கிவிடுகிறோம். கல் ஒன்பது சதவீதம் குறைந்து போகிறது. 225 × 75 × 102.5 என்று வகுத்தால் கன மீட்டருக்கு 578, மொத்தம் 717. பரப்புக் கணக்கோடு ஒட்டிப் போகிறது.

ஒரு கல் தடிமன் சுவரிலும் இதே குழி உண்டு, ஆழம் குறைவு. இரண்டு கல்லுக்கு நடுவே ஒரே ஒரு சாந்து இணைப்புதான் இருக்கிறது. 215 தடிமனுள்ள சுவரை 225-க்கான எண்ணால் வகுத்தால் நாலரை சதவீதம் கல் குறையும். தடித்த அடித்தளச் சுவர்களில் இந்தப் பிழை கரைந்து போகும். மெல்லிய சுவருக்குக் கன அளவு முறையை நான் தொடவே மாட்டேன். அதன் பிழை குறைவுப் பக்கம் சாய்கிறது. கல் மிஞ்சினால் செலவு, கல் போதாமல் போனால் சுவர் கழுத்தளவில் நிற்கும், இரண்டாவது லாரிக்குக் காத்திருக்க வேண்டும், அந்த லாரியில் வரும் கல்லின் நிறமும் அளவும் முதல் லாரியோடு சேராது.

கொத்தனாரின் வரிக் கணக்கு

அண்ணன் பரப்பை அளக்கவே இல்லை. உயரத்தை 75-ஆல் வகுத்தார்: 35 வரி, மேலே 25 மி.மீ. மிச்சம். திறப்பின் 2,175-ஐ வகுத்தார்: சரியாக 29 வரி. பிறகு கதவின் இருபுறமும் எத்தனை கல் என்று தரையில் கோடு போட்டார்.

வரைபடத்தில் கதவு இடது தூணிலிருந்து 1,200 மி.மீ. தள்ளி இருந்தது. அங்கேதான் அவர் நின்றார். ஒரு வரியில் ஐந்து முழுக்கல் வைத்தால் நிலைக்கு ஒட்டி 65 மி.மீ. துண்டு ஒன்று வரும். நிலையைப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் செருகும் இடம் அது. அங்கே மூன்று விரல் அகலத் துண்டுகளை அடுக்கினால் கதவு அறையும் ஒவ்வொரு முறையும் அவை ஆடும். கொஞ்ச நாளில் நிலையை ஒட்டிப் பூச்சில் நெட்டுக்குத்தாக விரிசல் தெரியும். வலப்பக்கம் இன்னும் மோசம்: 3,080 மி.மீ. எந்த அடுக்குக்கும் பொருந்தவில்லை, வரி மாறும்போது 32 மி.மீ. சீவல் கேட்கிறது. அதைத் தவிர்க்க இரண்டு கல்லை வெட்டிப் பகிர வேண்டும்.

"கதவை 75 மி.மீ. இந்தப் பக்கம் தள்ளலாமா, ஐயா?" என்று பெரியவரிடம் கேட்டார். அவருக்கு ஆட்சேபம் இல்லை. இடது பக்கம் 1,125 ஆனது, அச்சாக ஐந்து கல். வலது பக்கம் 3,155, பதினான்கு கல்லும் 5 மி.மீ.யும், அந்த ஐந்தைச் சாந்து விழுங்கிவிடும். ஒரு வரி முழுக்கற்களாகவும் அடுத்த வரி இருமுனையிலும் அரைக்கல்லாகவும் மாறி மாறி ஏறும். வெட்டுவதெல்லாம் பாதியாக மட்டுமே, ஆகவே இரண்டு பாதியும் பயன்படும். பழைய இடத்தில் கதவு இருந்திருந்தால் வரிக்கு முக்கால் கல் வீதம், 29 வரிக்குச் சுமார் 22 கல் வெட்டுத் துண்டாகவே போயிருக்கும்.

மிச்சம் சின்னக் கூட்டல். கதவுப் பகுதி 29 வரி, வரிக்கு 19, ஆக 551. லிண்டல் இருக்கும் 2 வரி, வரிக்கு 17, ஆக 34. மேலே 4 வரி, வரிக்கு இருபத்து மூன்றரை, ஆக 94. மொத்தம் 679. பெரியவரின் முறையிலேயே உண்மைத் திறப்பு, லிண்டல், மேல் இடுக்கு மூன்றையும் கழித்து 59.26-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 679.6 வந்தது, கிட்டத்தட்ட அதே எண்தான். பரப்பு முறையில் பழுதில்லை. வெட்டுத் துண்டுகள் மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கதவு 1,200-ல் இருந்தாலும் 1,125-ல் இருந்தாலும் அது ஒரே எண்ணைத்தான் சொல்லும்.

ஆகவே விலை கேட்கும் நாளில் எனக்குப் பரப்பு முறை போதும். கல்லுக்குச் சொல்லி அனுப்பும் நாளில் வரிக் கணக்கைத்தான் நம்புவேன், அதுவும் திறப்பு உள்ள சுவர் என்றால் கட்டாயம்.

வரிக் கணக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. சாந்து 10 மி.மீ.யில் நின்றால்தான் அது நிற்கும். கை தாராளமாகி 12 ஆனால் ஒரு வரி 77 மி.மீ. 35 வரி 2,695 ஆகி உத்திரத்தை முட்டும், 34-ல் நிறுத்த வேண்டும். 29-வது வரியும் 2,233-க்குப் போய்விடும், லிண்டல் ஏறும் மட்டம் கிட்டத்தட்ட 6 செ.மீ. தவறும். கல் மிச்சமாவது லாபம் போலத் தோன்றும், ஆனால் நிலைக்கு மேல் அந்த இடைவெளியை எதைக்கொண்டு அடைப்பது? அண்ணன் ஒரு மரச்சட்டத்தில் 75 மி.மீ.க்கு ஒரு கோடு கீறித் தூணோடு கட்டி வைத்தார். நான்கு வரிக்கு 300 மி.மீ. வருகிறதா என்று நானும் டேப் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

679-க்கு ஐந்து சதவீத உடைசல் சேர்த்தால் 713. சொல்லி அனுப்பியது 715. அதற்கு முன் ஒரு வேலை செய்தோம்: கடையில் பத்துக் கல்லைச் சாந்தில்லாமல் நீளவாக்கில் ஒட்டி வைத்து அளந்தோம். 2,150 வந்தது. 2,100 வந்திருந்தால் சதுர மீட்டருக்கு 60.6 என்று எல்லாவற்றையும் மறுபடி போட்டிருப்போம், ஐந்தும் பதினான்கும் பொருந்தும் கதவின் இடம் உட்பட.