குக்கீ இல்லாத வருகைக் கணக்கு: கோட்கவுண்டரோடு சில வருட அனுபவம்

வீட்டுத்தோட்டம் பற்றித் தமிழில் எழுதும் ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறேன். எல்லாம் வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள்தான். முதலில் அதில் கூகுள் அனலிடிக்ஸ் போட்டிருந்தேன். 2023 ஜூலையில் அதன் பழைய வடிவம் நின்று, இனி ஜிஏ4 மட்டும்தான் என்று ஆனபோது கோட்கவுண்டருக்கு மாறினேன். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். எந்தக் குறிப்பைப் படிக்கிறார்கள், எங்கிருந்து வந்து சேர்கிறார்கள். இதற்காக வாசகரின் போனில் இரண்டு வருடம் தங்கும் `_ga` குக்கீயை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோட்கவுண்டர் தளத்துக்கு வரும் வருகைகளை எண்ணும் ஒரு திறமூல நிரல். தனிப்பட்ட சின்னத் தளங்களுக்கு அவர்களே தங்கள் சர்வரில் இலவசமாக இடம் தருகிறார்கள். நான் என்னுடைய சின்ன விபிஎஸ் சர்வரிலேயே ஓட்டுகிறேன். ஒரே ஒரு பைனரி, கூடவே ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு, அவ்வளவுதான். தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டியது இது:

```html
<script data-goatcounter="https://count.example.in/count"
        async src="//count.example.in/count.js"></script>
```

நிறுவுவது எளிது. ஆனால் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று.

குக்கீ இல்லாமல் ஒருவரை இன்னொருவரிடமிருந்து எப்படிப் பிரிக்கிறது? ஐபி முகவரி, பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரி, இவற்றோடு சால்ட் எனப்படும் ஒரு தற்செயல் எழுத்துக்கோவை, எல்லாவற்றையும் சேர்த்து ஹேஷ் எனப்படும் ஒரு சுருக்கக் குறியீடாக மாற்றுகிறது. அந்த ஹேஷ் நினைவகத்தில் மட்டும் இருக்கும், வட்டில் எழுதப்படாது. சால்ட் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். முந்தைய சால்டையும் இன்னொரு சுற்றுக்கு வைத்திருக்கும் என்பதால், ஒரு வாசகரை அதிகபட்சம் 8 மணி நேரம் வரை அடையாளம் காண முடியும். அதற்குப் பிறகு அவர் புது ஆள். காலையில் ரோஜாவுக்கு உரம் பற்றிப் படித்தவர் இரவில் திரும்பி வந்தால் இரண்டு வருகை. ஆகவே "இந்த மாதம் மொத்தம் எத்தனை பேர்" என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. மாத எண் என்பது வருகைகளின் கூட்டுத்தொகைதான்.

இது கணக்கைக் கூட்டிக் காட்டும். குறைத்துக் காட்டும் காரணம் ஒன்றும் இருக்கிறது, நம்மூர் வாசகர்களிடம் அதுதான் பெரியது. மொபைல் நெட்வொர்க்குகள் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்களை வைக்கின்றன. சரி, யூசர் ஏஜென்ட்டை வைத்தாவது பிரிக்கலாமே என்றால் அதுவும் இப்போது கைகொடுப்பதில்லை. 2023-இலிருந்து ஆண்ட்ராய்டு குரோம் போனின் மாடலையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் சொல்வதை நிறுத்திவிட்டது. எந்தப் போனாக இருந்தாலும் அந்த வரி இப்படித்தான் வரும்:

```
Mozilla/5.0 (Linux; Android 10; K) AppleWebKit/537.36 (KHTML, like Gecko) Chrome/124.0.0.0 Mobile Safari/537.36
```

மாறுவது குரோமின் பதிப்பெண் மட்டும். இப்போது ஒரு மகளிர் விடுதியை எடுத்துக்கொள்வோம். 30 பேர் ஒரே வைஃபையில் இருக்கிறார்கள், எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு, எல்லோரிடமும் ஒரே பதிப்புக் குரோம். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் என் பக்கத்தின் சுட்டியைப் போட, அரை மணி நேரத்தில் 30 பேரும் திறக்கிறார்கள். கணக்கில் ஏறுவது ஒன்று. ஒருவர் ஐபோன் வைத்திருந்தால் இரண்டு. இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஒரே வைஃபையில், ஒரே பதிப்புக் குரோம் உள்ள இரண்டு போன்களில் ஒரே பக்கத்தைத் திறந்தால், இரண்டாவது போனுக்கு எண் நகராது.

இதை ஓரளவு சரிசெய்யலாம். கணக்கெடுக்கும் முகவரியை ஐபிவி6 எண்ணோடு இணைக்கும் AAAA என்ற டிஎன்எஸ் பதிவைச் சேர்த்து, சர்வரை ஐபிவி6-இலும் கேட்க வைத்தால், ஐபிவி6 கிடைக்கும் போன்கள் தனித்தனி முகவரியோடு வரும். மொபைல் டேட்டாவில் வருபவர்கள் அப்போது பெரும்பாலும் சரியாகப் பிரிவார்கள். ஐபிவி6 இல்லாத விடுதி வைஃபைக்கு இது உதவாது.

சொந்த சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்குப் பின்னால் இதை ஓட்டுபவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாசகரின் உண்மையான ஐபியை நிரலுக்குக் கடத்த வேண்டும்:

```
proxy_set_header Host $host;
proxy_set_header X-Real-IP $remote_addr;
```

இது விட்டுப்போனால் உலகம் முழுக்க எல்லோரும் 127.0.0.1 ஆகிவிடுவார்கள். ஒரே குரோம் பதிப்புக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள். நாடுகள் பட்டியல் காலியாக இருந்து, கூட்டம் வரும் பக்கத்துக்கும் எண் ஒற்றை இலக்கத்தில் நின்றால், முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் விளம்பரத் தடுப்பிகள். கோட்கவுண்டரின் பொது முகவரியான gc.zgo.at அவற்றின் தடைப்பட்டியல்களில் இருக்கிறது. சொந்த முகவரியில் ஓட்டினால் இழப்பு குறையும், முழுக்கப் போகாது. தடுப்பி போட்டவர் தன்னை எண்ண வேண்டாம் என்கிறார், அவரை விட்டுவிடுவதே முறை என்பது என் எண்ணம். ஸ்கிரிப்ட்டின் பெயரை மாற்றி அவரை ஏமாற்ற நான் முயன்றதில்லை.

சந்தேகம் வரும்போது சர்வரின் பதிவுக் கோப்போடு ஒப்பிடுவேன். அங்கே எண் எப்போதும் பெரிதாக இருக்கும், ஆனால் பாதிக்குமேல் தேடுபொறி ரோபோக்கள். வாட்ஸ்அப்பில் சுட்டியை ஒட்டினாலே முன்னோட்டப் படத்துக்காக ஒரு கோரிக்கை வரும், அதுவும் பதிவாகும். கோட்கவுண்டரில் இது ஏறாது. முன்னோட்டம் எடுக்கும் நிரல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை.

எனக்கு உண்மையில் பயன்பட்டது வந்த வழி பற்றிய தகவல். வாட்ஸ்அப்பில் சுட்டியைத் தொட்டு வருபவர்கள் பெரும்பாலும் எங்கிருந்து வந்தோம் என்ற தகவலைக் கொண்டுவருவதில்லை. அதனால் பட்டியலின் உச்சியில் எப்போதும் "தெரியாது"தான். பக்கத்தின் அடியில் உள்ள பகிர்வுப் பொத்தானின் சுட்டியில் `?utm_source=whatsapp` சேர்த்தபிறகு அதில் ஒரு பகுதி பிரிந்து வந்தது. முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து அனுப்பியவை இன்னும் இருட்டில்தான். ஆனாலும் மாவுப்பூச்சி பற்றிய பழைய குறிப்பு ஒன்று கோடையில் மட்டும் வாட்ஸ்அப் வழியே திரும்பத் திரும்பப் பரவுகிறது என்பது இதில்தான் தெரிந்தது. இப்போது கோடைக்கு முன்பே அதைத் திருத்திப் புதுப்பித்துவிடுகிறேன்.

என் சொந்த வருகை ஏறாமல் இருக்க, ஒவ்வொரு பிரவுசரிலும் ஒருமுறை தள முகவரியின் கடைசியில் `#toggle-goatcounter` சேர்த்துத் திறந்தால் போதும். பிரவுசரின் தரவை அழித்தால் மறுபடி செய்ய வேண்டும்.

பொருள் விற்கும் தளம் என்றால், ஒரு வாடிக்கையாளர் போன வாரம் பார்த்துவிட்டு இந்த வாரம் வாங்கினாரா என்று தெரிந்தாக வேண்டியிருக்கும். 8 மணி நேரத்தில் ஆளை மறந்துவிடும் கருவியால் அதைச் சொல்லவே முடியாது, அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பிய வாசகர்கள் உள்ளவர்கள், குக்கீ இல்லை என்பதாலேயே சட்டம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஐபி முகவரி அங்கே தனிநபர் தகவலாகக் கருதப்படக்கூடியது, அதை வைத்து ஹேஷ் போடுவதும் அந்தத் தகவலைக் கையாள்வதுதான். என் தளத்தின் அடியில் என்ன எண்ணுகிறேன், எவ்வளவு நேரம் வைத்திருக்கிறேன் என்று நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன்.