தொலைந்த ஃபோனை "க்ளீன் பண்ணித் தரேன்" என்றால் உஷார்: வேலூரில் என் மாமாவுக்கு நடந்தது

ஃபோன் தொலைந்த பதற்றத்தில் பக்கத்துக் கடைக்கு ஓடுபவர்களிடம் "முதல்ல எல்லாத்தையும் அழிச்சிடலாம்" என்று சொல்லிக் காசு வாங்கும் ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அப்படி ஒரு கடையில் ₹600 கொடுத்துவிட்டு, அன்று இரவே வங்கிக் கணக்கிலிருந்து ₹46,500 இழந்தவர் என் தாய்மாமா. கடைப் பெயர் போடப் போவதில்லை. கடைக்காரர் திருடனும் இல்லை. அரைகுறையாகத் தெரிந்த வேலையை முழு நம்பிக்கையோடு செய்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் எந்த வேலையை எந்த நேரத்தில் செய்தார் என்பதில்தான் எல்லாமே கெட்டது.

மாமா குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம். வேலூருக்கு வந்தவர், காட்பாடி போகும் டவுன் பஸ்ஸில் சாயங்கால நெரிசலில் சட்டைப் பையில் இருந்த ஆண்ட்ராய்டு ஃபோனைப் பறிகொடுத்தார். பின் நம்பர் போட்டுப் பூட்டியிருந்த ஃபோன். இறங்கியவுடன் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு செல்போன் கடைக்குப் போனார். "இன்னா சார் இதுக்குப் போய் டென்ஷன், அஞ்சு நிமிஷத்துல க்ளீன் பண்ணிக் குடுத்துடறேன்" என்று கடைப் பையன் தன் கம்ப்யூட்டரில் மாமாவின் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, தொலைந்த ஃபோனைத் தேடும் கூகுள் பக்கமான android.com/find திறந்தான். ஃபோன் அப்போது உயிரோடுதான் இருந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரைபடத்தில் புள்ளி தெரிந்ததை மாமாவே பார்த்திருக்கிறார். பையன் அதைக் கண்டுகொள்ளாமல் Factory reset device என்பதை அழுத்திவிட்டான். புள்ளி மறைந்தது. "இனிமே உங்க ஃபோன் வெறும் டப்பா சார், எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பிவைத்தான்.

இதில் முதல் கேடு, தடம் போனது. ஆண்ட்ராய்டு ஃபோனைத் தூரத்திலிருந்து அழித்துவிட்டால், அதன் பிறகு அந்தப் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. பூட்டவும் முடியாது, மணி அடிக்க வைக்கவும் முடியாது. நம் கையில் இருந்த ஒரே கயிற்றை நாமே அறுத்துவிடுகிறோம். (ஐஃபோனில் கொஞ்சம் வேறு: புதிய ஐஓஎஸ்ஸில் அழித்த பிறகும் தேட வழி உண்டு. ஆனால் கணக்கிலிருந்து அந்த ஃபோனை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் ஆக்டிவேஷன் லாக் போய், திருடன் அதைப் புதிதுபோல் பயன்படுத்தலாம்.) அழிப்பதில் காப்பி எடுக்காத படங்களும் போய்விடும். மாமாவின் பாக்கிக் கணக்கு நோட்டுப் படங்கள் அப்படித்தான் போயின. மெமரி கார்டு இருந்தால் அது அழியாமல் அப்படியே தங்கிவிடவும் வாய்ப்புண்டு. அதை உருவிக்கொள்ள திருடனுக்கு எந்தப் பாஸ்வேர்டும் தேவையில்லை.

இரண்டாவது கேடு பெரியது. ஃபோனை அழித்தால் சிம் அழியாது. ஃபோன் பூட்டியிருந்தாலும், வெறும் டப்பாவாக ஆனாலும், ஒரு ஊசியால் சிம் தட்டை இழுத்து இன்னொரு ஃபோனில் போட்டால் மாமாவின் நம்பர் திருடன் கைக்கு வந்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான். கடையில் சிம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்களுக்குத் தெரிந்த விதம் வேடிக்கை. இரவு பத்து மணிக்கு மேல் மாமா நம்பரிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் "urgent, 8000 anuppu, naalaikku tharen" என்று வந்தது. மாமா ஜென்மத்தில் வாட்ஸ்அப்பில் டைப் அடித்தவர் இல்லை. எதுவானாலும் இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டுதான். அத்தை நம்பருக்குக் கூப்பிட்டேன். "டேய், ஃபோன் சாயங்காலமே போச்சுடா, கடையில அழிச்சாச்சு" என்கிறார் மாமா நிம்மதியாக. சிம்மைப் போட்டு வாட்ஸ்அப்பைப் புதிதாகப் பதிந்தால் பழைய செய்திகள் வராது, ஆனால் இருக்கிற குழுக்கள் தெரியும். எங்கள் குடும்பக் குழுவைப் பார்த்து ஒவ்வொருவருக்காக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

உடனே சிம் கம்பெனிக்குக் கூப்பிட்டேன். அங்கே இன்னொரு கூத்து. பதிவு செய்த குரல், "பதிவு செய்யப்பட்ட எண்ணிலிருந்து அழைக்கவும்" என்கிறது. அந்த எண் திருடனிடம் இருக்கிறது என்பதுதானே புகாரே! எப்படியோ ஆள் லைனுக்கு வந்ததும், "நாளைக்கு ஆதாரோட ஷோரூம் வாங்க" என்றார். டூப்ளிகேட் சிம் வாங்கத்தான் ஆதாரும் ஷோரூமும் வேண்டும். இருக்கிற சிம்மை நிறுத்த, பெயர், பிறந்த தேதி, கடைசி ரீசார்ஜ் மாதிரி கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். "டூப்ளிகேட் வேண்டாம், முதலில் நிறுத்துங்கள்" என்று பிடிவாதம் பிடித்த பிறகே நிறுத்தினார்கள். அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

நடந்ததைப் பிறகு மெயில் பதிவுகளை வைத்துக் கோத்துப் பார்த்தோம். நம்பரை வைத்து கூகுள் கணக்கைத் தேடி, "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" போட்டு, வந்த குறுஞ்செய்திக் குறியீட்டை அடித்து, பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். மாமாவின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டு கூகுளிலேயே சேமித்துக் கிடந்தது. மெயில் திறந்ததும் அதுவும் திறந்துவிட்டது. வங்கிக்குள் நுழைந்தான், ஓடிபி அவன் கையிலிருந்த சிம்முக்கே வந்தது, இரண்டு தவணையில் பணம் போனது. வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் மெயிலும்கூட அவனுக்கே போயின. அழித்த ஃபோனை மறுபடி இயக்க பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும், அதனால்தான் பையன் "வெறும் டப்பா" என்றான். மெயிலே திருடனிடம் போய்விட்டால் அந்தப் பூட்டுக்கும் சாவி அவனிடமே.

சிம்மிலிருந்து மெயில், மெயிலிலிருந்து வங்கி: அவன் போன பாதை இது. நாம் அடைக்க வேண்டியதும் இதே வரிசையில்தான். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. ஃபோனைப் பூட்டும் கட்டளை போய்ச் சேர ஃபோனில் இணையம் வேண்டும். அந்த இணையம் பெரும்பாலும் அந்த சிம்மின் டேட்டாதான். சிம்மை முதலில் நிறுத்திவிட்டால் பூட்டும் கட்டளை போய்ச் சேராமல் நிற்கலாம். ஆகவே கூட இருப்பவர் ஃபோனில் android.com/find திறந்து, இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பூட்டிவிட்டு (அழிக்காமல்), அதே மூச்சில் சிம் கம்பெனிக்குப் பேசுங்கள். உள்ளே நுழையவே முடியவில்லை, தொலைந்த ஃபோனிலேயே அனுமதி கேட்கிறது என்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். சிம்மை நிறுத்துங்கள். இந்த நேரத்துக்காகத்தான் கூகுள் கணக்கில் எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் குறியீடுகள் எடுத்துத் தாளில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும்.

சிம் நின்றதும் மெயில். பாஸ்வேர்டை மாற்றிய கையோடு, கணக்கில் நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைந்த ஃபோனை வெளியேற்றுங்கள். மீட்பு நம்பரும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா, மெயில் வேறு எங்காவது தானாகப் போகும்படி வைத்திருக்கிறானா என்று பாருங்கள். மாமா மகள் தன் லேப்டாப்பில் அப்பா கணக்கை முன்பே திறந்து வைத்துப் பழக்கம் என்பதால் கூகுள் எங்களை நம்பிக் கணக்கைத் திருப்பித் தந்தது. பட்டியலைத் திறந்தால், திருடனின் சாதனத்தோடு அந்தக் கடைக் கம்ப்யூட்டரும் இருந்தது. பையன் வெளியேறவே இல்லை. பாஸ்வேர்டைக் கடையில் சொல்லவே கூடாது என்பது ஒருபுறம், சொல்லிவிட்டால் வெளியே வரும் முன் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் வராதீர்கள்.

பிறகு வங்கி. பணம் போயிருப்பது தெரிந்தால் மட்டும் வரிசையை விட்டுவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அதுதான் வழி. cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். இல்லையென்றால் வங்கியின் நம்பருக்குப் பேசி நெட்பேங்கிங், யுபிஐ, டெபிட் கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ஃபோன் கவருக்குள் டெபிட் கார்டும் ஆதாரும் செருகி வைப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். சிம்மோடு கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் இருந்தால் சில வங்கிகளில் புது யுபிஐ பின்னே போட்டுக்கொள்ளலாம்.

வங்கிப் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். டூப்ளிகேட் சிம் கிடைத்தாலும், தொலைத்தொடர்புத் துறை விதிப்படி முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, ஆகவே ஓடிபியும் வராது. இது சிம்மை மோசடியாக மாற்றுபவர்களைத் தடுக்க வைத்தது. முதல் நாள் நிறுத்துவது மட்டும்தான் நடக்கும். மாற்றுவது மறுநாள்.

போலீஸ் புகார் கொடுத்து, அந்த நகலோடு ceir.gov.in தளத்தில் ஃபோனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை முடக்குவது அதற்குப் பிறகு. எண் ஃபோன் பெட்டியில் இருக்கும். அங்கும் ஓடிபி வேண்டும் என்பதால் புது சிம் வந்த பிறகே முடியும். ஃபோனை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், இடம் தேடுவதில் இனிப் பயனில்லை என்று ஆன பிறகு. ஸ்கிரீன் லாக்கே போடாத ஃபோன் என்றால் மட்டும் தாமதிக்காமல் அழித்துவிடலாம். ஃபோன் அணைந்திருந்தாலும் கட்டளை காத்திருந்து, அது இணையத்துக்கு வரும்போது வேலை செய்யும்.

மாமா பணத்தில் ஒரு பகுதி 1930 புகாரால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மீதிக்கு வங்கி, "ஓடிபி போட்டுத்தானே போயிருக்கிறது" என்றே பேசுகிறது. 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்கிறது. தெரிவிப்பதற்கு முன் போனதில்தான் கவனக்குறைவு யாருடையது என்ற வழக்காடல் வரும். மாமாவின் பணம் போனது எல்லாம் முன். கடையில் கழித்த நேரத்தில் ஒரு அழைப்பு போட்டிருந்தால் அது "பின்" ஆகியிருக்கும். பையனிடம் போய்க் கேட்டோம். ₹600ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் ஃபோனைத்தான் சார் க்ளீன் பண்ணேன், சிம்முக்கு நான் என்ன பண்றது" என்றான்.

வீட்டில் எல்லோர் ஃபோனிலும் இப்போது சிம் பின் போட்டுவிட்டேன். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பக்கம் சிம் லாக் என்று இருக்கும். அதைப் போட்டால் சிம்மை வேறு ஃபோனில் போடும்போது பின் கேட்கும், தெரியாதவனுக்கு ஓடிபி வராது. போடும்போது கம்பெனி வைத்திருக்கும் ஆரம்ப பின் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊகத்தில் மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு PUK எண் கேட்கும், அதைக் கம்பெனிதான் தர வேண்டும். அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் அந்த சிம் அவ்வளவுதான், புதிது வாங்க வேண்டும்.