கண் சொல்லும் இனமா, எச்சில் சொல்லும் இனமா?

சென்னைக் காப்பகம் ஒன்றிலிருந்து நான் தத்தெடுத்த கறுப்பு நாயின் அட்டையில் "லாப்ரடார் கலப்பு" என்று எழுதியிருந்தது. மரபணுப் பரிசோதனை முடிவிலோ லாப்ரடார் துளியும் இல்லை. பெரும்பகுதி நாட்டு நாய், சிறுபகுதி ஜெர்மன் ஷெப்பர்டு. நான் பரிசோதனையின் பக்கம்தான் நிற்கிறேன்.

காப்பக அட்டைக்குச் செலவில்லை, வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். நாயின் வளர்த்தி, முடி, பழகும் விதம் பற்றிப் பராமரிப்பாளர்கள் சொல்வதை அப்படியே ஏற்கலாம். இனப்பெயரை மட்டும் ஏற்க முடியவில்லை. இது சென்னைக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. அமெரிக்காவின் இரண்டு காப்பகங்களில் 900க்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், ஊழியர்கள் சொன்ன இனங்களில் ஒன்றாவது பரிசோதனையோடு பொருந்தியது ஏறத்தாழ மூன்றில் இரண்டு நாய்களுக்குத்தான். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் பொருந்தியவை பத்தில் ஒன்றே.

ஊழியர்களின் அனுபவக் குறைவு இதற்குக் காரணமல்ல. தோற்றத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் மிகச் சில. முடியின் நீளம், சுருள், மீசை ஆகிய மூன்றின் வேறுபாடுகளில் பெரும்பாலானவை மூன்றே மரபணுக்களால் வருகின்றன என்று 2009இல் கண்டறிந்தார்கள். ஒரு நாயின் கொள்ளுத்தாத்தா கறுப்பு லாப்ரடார், மற்ற முன்னோர் எல்லாரும் பழுப்பு நாட்டு நாய்கள் என்று வைத்துக்கொள்வோம். குட்டியிடம் லாப்ரடாரின் பங்கு சுமார் எட்டில் ஒன்று. ஆனால் உடல் முழுவதும் கறுப்பாக, மற்ற நிறங்களை மறைத்து ஓங்கும் கறுப்பு மரபணுவின் பிரதி ஒன்று வழிவழியாக வந்து சேர்ந்தாலே போதும். அப்போது எட்டில் ஒரு பங்கு, பார்ப்பவர் கண்ணுக்கு முழு நாயாகத் தெரியும். நீள முடியின் கதை இதற்கு நேர்மாறு. அதற்கு இரு பெற்றோரிடமிருந்தும் பிரதி வர வேண்டும். ஆகவே குட்டை முடித் தாய்க்கும் தகப்பனுக்கும் நீள முடிக் குட்டி பிறக்கலாம். உடனே அட்டையில் பொமரேனியன் ஏறிவிடும். போதாக்குறைக்கு, எந்த வெளிநாட்டு இனக் கலப்பும் இல்லாமலே நம் தெருக்களில் கறுப்பு நாய்கள் உண்டு.

பரிசோதனை கன்ன உட்புற எச்சிலை எடுத்து, மரபணுத் தொடரின் பல்லாயிரம் இடங்களைப் பார்க்கிறது. நிறமும் காதும் அதில் சிறு துளி.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: உங்கள் நாயின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பரிசோதனை நிறுவனம் வைத்திருக்கும் தொகுப்பில் இந்திய நாட்டு நாய்கள் இருக்கின்றனவா? நம் நாட்டு நாய்கள் அயல் இனங்கள் கலந்து உருவானவை அல்ல. தொகுப்பில் அவை இல்லாவிட்டால், கணிப்பு முறை கைவசம் உள்ள இனங்களிலேயே ஒட்டுப்போட்டு விடை தரும். சென்னைத் தெருவில் பிறந்த நாய்க்கு நாட்டு நாய் என்ற வரியே இல்லாமல் சௌ சௌ, ஷார் பேய் என்று ஏழெட்டு இனங்கள் சின்னச் சின்னச் சதவீதங்களில் வந்தால் அதுதான் அடையாளம். அந்த முடிவை நம்பாதீர்கள். நாட்டு நாய் இருக்கும் தொகுப்பிலும் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வரும் இனங்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு நாயை, ஒரே நிறுவனத்திடம் சோதித்த அனுபவம்தான் எனக்கு. ஆகவே எந்த நிறுவனம் சிறந்தது என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை.