‘இடம் இல்லை’ என்ற போன்: ஒரு ஜாகாவின் இரண்டு வருட அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் இரவுக் காவல், அதாவது ஜாகா வேலை பார்க்கிறேன். மாலை 7 மணிக்கு ஏறினால் காலை 7 மணிக்குத்தான் இறங்குவேன். இரண்டு வருடத்துக்கு முன்புவரை என்னிடம் இருந்தது பட்டன் போன். அப்புறம் ஆலையில் ஒரு புது விதி வந்தது. ஜாகா ஒவ்வொரு சுற்றுக்கும் டீசல் தொட்டி, பின் கேட், தராசு மேடை ஆகியவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அதற்காக டவுனில் ஒரு கடையில் 32 ஜிபி போன் ஒன்றை வாங்கினேன். 32 என்பது எதைக் குறிக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரரும் சொல்லவில்லை.

முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பேட்டரி ஒரு இரவு முழுக்கத் தாங்கியது. மழையில் டார்ச் லைட்டாகவும் உதவியது. எட்டாவது மாதம் முடிகிற நேரத்தில் ஒரு விடியற்காலை 2.40-க்கு எண்ணெய் டேங்கர் ஒன்று கேட்டுக்கு வந்தது. நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கப் போனேன், கேமரா எடுக்க மறுத்தது. திரையில் `Storage space running out` என்று வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நான் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் நம்பரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு லாரியை உள்ளே விட்டேன். அந்தச் சுற்றுக்குப் படம் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: போன் வேலை செய்யவில்லை என்றால் டாப்-அப் தீர்ந்திருக்கும். காலையில் வீட்டுக்குப் போகும் வழியில் 30 வெள்ளிக்கு டேட்டா போட்டேன். திரையில் வந்த அந்தச் செய்தி மறையவில்லை. சாயங்காலம் போனை அணைத்துப் போட்டேன், அதற்கும் மறையவில்லை. அன்றைக்கு இரவு கொட்டகையில் உட்கார்ந்து கையில் கிடைத்ததை அழிக்க ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய குரல் செய்திகள்தான் மேலே இருந்தன. வரிசையாக நிறைய இருந்ததால் அவைதான் இடத்தை அடைக்கின்றன என்று நினைத்துவிட்டேன். ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, 212 குரல்களை அழித்தேன். அழித்து முடித்தும் அதே செய்தி. கேலரியில் இருந்து சில வீடியோக்களையும் அழித்தேன். அப்போதும் ஒன்றும் மாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். நான்காம் படிவம் படிக்கிற பிள்ளை. போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “தாத்தா, டேட்டா வேற, இடம் வேற. நீங்க டேட்டா போட்டா உள்ள வர்றதுதான் அதிகமாகும்” என்றாள். அதை நான் ஆலையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். டேட்டா என்பது பழக்குலை லாரி வருகிற சாலை. ஸ்டோரேஜ் என்பது குலைகளைக் கொட்டி வைக்கிற முற்றம். முற்றம் நிறைந்து லாரிகள் கேட்டில் நிற்கும்போது சாலையை அகலப்படுத்தி என்ன பயன்?

அவள் `Settings`-க்குப் போய் `Storage`-ஐத் திறந்து காட்டினாள். 32-ல் ஏறக்குறைய 12 ஜிபி போனின் சொந்த மென்பொருளுக்கே போய்விடுகிறது. கேமரா படங்கள் 5, வாட்ஸ்அப் 11, மற்ற செயலிகள் 3. மிச்சம் 1 ஜிபி கூட இல்லை. கேமராவுக்கான கணக்கை நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்டோம். ஒரு இரவுக்கு 8 படம், ஒரு படம் சுமார் 3 எம்பி என்றால் 24 எம்பி. மாதம் 26 இரவு என்றால் 624 எம்பி. எட்டு மாதத்துக்கு 5 ஜிபி சரியாக வந்தது. குழுவில் அனுப்பும்போது வாட்ஸ்அப் அந்தப் படத்தைச் சுருக்கி, தனக்கென்று இன்னொரு நகலையும் போனிலேயே வைத்துக்கொள்கிறது. ஆக ஒரே டீசல் தொட்டி இரண்டு முறை இடம் பிடிக்கிறது.

வாட்ஸ்அப்பின் 11 ஜிபி எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கொட்டகைக்கு எதிரே ஆலை ஆபீஸ். அங்குள்ள வைஃபையை இரவில் ஜாகாக்கள் பயன்படுத்த அனுமதி உண்டு. வாட்ஸ்அப்பில் நாம் எதையும் மாற்றாவிட்டால், மொபைல் டேட்டாவில் படங்கள் மட்டும் தானாக இறங்கும். வைஃபையில் இருந்தால் வீடியோ, ஆடியோ, கோப்பு எல்லாமே நாம் தொடாமலேயே இறங்கிவிடும். கோயில் குழு, தோட்டத்துப் பழைய நண்பர்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு என்று மூன்று குழுக்களில் வருகிற வீடியோக்கள் எல்லாம் நான் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே இறங்கிக் குவிந்திருக்கின்றன. அவற்றில் பாதியை நான் திறந்தே பார்த்ததில்லை.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் `Settings`, அதில் `Storage and data`, அதில் `Manage storage`. அங்கே எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியது முதலில் வரும்படி காட்டுகிறது. `Larger than 5 MB` என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்து, வேண்டியதை விட்டுவிட்டு மற்றதை அழித்தோம். 7 ஜிபி திரும்பியது. பிறகு `Storage and data` பக்கத்திலேயே `When connected on Wi-Fi` என்பதைத் தொட்டு, வீடியோவுக்கான டிக்கை எடுத்துவிட்டாள். இப்போது வீடியோ மங்கலாக நிற்கும், நான் தொட்டால்தான் இறங்கும்.

கேலரியில் நான் அழித்த வீடியோக்களும் போகாமல் குப்பைத்தொட்டியில் இருந்தன. என் போனில் 30 நாள் அங்கேயே இருக்கும், அதுவரை இடத்தையும் விடாது. தொட்டியைக் காலி செய்தபோதுதான் இடம் திரும்பியது. ஆனால் காலி செய்தால் திரும்ப எடுக்க முடியாது, அதனால் தொட்டியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் ஒரு 64 ஜிபி மெமரி கார்டு போட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கேமரா படங்களைக் கார்டுக்கு நகர்த்த முடிகிறது, புதுப் படங்கள் நேராகக் கார்டில் போய் உட்காரும்படியும் அமைக்க முடிந்தது. வாட்ஸ்அப் மட்டும் போனின் உள் இடத்திலேயேதான் சேமிக்கிறது. கார்டு போட்டுவிட்டோம் என்று அதைக் கவனிக்காமல் விட்டால் செய்தி மறுபடி வரும். எனக்குக் கார்டு போட்ட ஐந்தாவது மாதத்தில் வந்தது. இப்போது சம்பளம் போடுகிற நாளில் `Manage storage`-ஐத் திறந்து பார்த்துவிடுகிறேன். மிச்ச இடம் 2 ஜிபிக்குக் கீழே இறங்கினால் என் போன் தடுமாற ஆரம்பிக்கிறது. கேமரா திறக்கவே ஏழெட்டு நொடி எடுக்கும். செய்தி வருவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

வேலைக்குப் படம் எடுக்க வேண்டியவர்கள் 32 ஜிபி வாங்க வேண்டாம். கார்டு போடும் வசதி இருந்தாலும் வேண்டாம், குறைந்தது 128 பாருங்கள். மற்றபடி இந்தப் போனை நான் இன்னும் விடவில்லை.

மகளின் குரல்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் இல்லை. என் போனில் அழித்தது என் போனில் மட்டும்தான் போனது, அவள் போனில் அத்தனையும் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். அப்புறம் இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எனக்குத் திரும்ப அனுப்பினாள். பேத்தி அவற்றின் அளவைக் கூட்டிப் பார்த்தாள். 212 குரலும் சேர்ந்து 30 எம்பி கூட வரவில்லை. கோயில் குழுவில் வந்த ஒரே ஒரு தேர் வீடியோ 48 எம்பி.